தேவையான அளவு என்றால் எவ்வளவு?

‘உப்பு – தேவையான அளவு’ என்ற வரி இல்லாத சமையற்குறிப்பு தமிழில் அரிது. பத்திரிகைகளின் பெண்கள் பகுதியிலும், நாம் கைத்தொலைபேசியைப் பார்த்து எழுதிக்கொள்ளும் குறிப்புகளிலும் அது கடைசி வரியாக வந்து நிற்கும். பல வருடம் சமைத்துப் பழகிய உம்மாமாருக்கு அந்த வரி போதும். முதன்முதலாகக் குசினிக்குள் போகும் ஒரு பிள்ளைக்கு அது எதையுமே சொல்வதில்லை என்பதுதான் என் கருத்து. தேவை எவ்வளவு என்று தெரிந்தவளுக்குக் குறிப்பு வேண்டியதில்லை. தெரியாதவளோ அந்த வரியோடு என்ன செய்வது என்று விழிக்கிறாள்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலக் குறிப்புகளில் வரும் பிஞ்ச், டாஷ், டொலொப் ஆகிய மூன்றையும் நம்மவர்கள் பெரும்பாலும் ‘சிட்டிகை’ என்றோ ‘கொஞ்சம்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். மூன்றும் ஒன்றல்ல. கை செய்யும் வேலையே மூன்றிலும் வேறு.

பிஞ்ச் என்பது விரல்களால் நுள்ளி எடுப்பது. புத்தகத் தமிழில் சிட்டிகை. எங்கள் வீட்டில் ‘ஒரு நுள்ளு’. இதற்கு நம் சொல்லே அச்சொட்டாகப் பொருந்துகிறது. மேல்நாடுகளில் இதையும் அளந்து, ஒரு தேக்கரண்டியில் பதினாறில் ஒரு பங்கு என்று சின்னஞ்சிறு கரண்டி செய்து விற்கிறார்கள். அங்கே கரண்டியைத் தட்டையாக வழித்து அளக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் பெரும்பங்கு, பொஸ்டன் நகரின் சமையல் ஆசிரியை ஃபனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட புத்தகத்துக்கு உண்டு. நம் நுள்ளுக்கு அப்படி ஒரு கரண்டி கிடையாது. அதனால் எத்தனை விரல் என்ற கேள்வி வருகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சேர்ந்து நுள்ளினால் ஓர் அளவு. நடுவிரலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு. வட்டிலப்பத்தில் போடும் ஒரு நுள்ளு உப்பில் இந்த வித்தியாசம் தெரியாது, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அதை மூடிவிடும். அப்பச்சோடாவில் நன்றாகவே தெரியும். அப்ப மாவுக்கு இரண்டு விரல் நுள்ளு போடவேண்டிய இடத்தில் மூன்று விரலால் இரண்டு தடவை அள்ளிப் போட்டால், அப்பம் மஞ்சளித்து, வாயில் வைத்ததும் சவர்க்காரம் போல இருக்கும்.

சென்ற விடுமுறையில் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். மூன்று விரலால் உப்புத்தூளைப் பத்துத் தடவை நுள்ளி ஒரு பீரிசில் போடுவது. பிறகு அதைத் தேக்கரண்டியில் அள்ளி, கத்தியின் முதுகால் தட்டையாக வழித்து அளப்பது. உம்மாவின் பத்து நுள்ளில் ஒரு தேக்கரண்டி நிரம்பிக் கால் கரண்டி மிச்சம் வந்தது. என் பத்து நுள்ளுக்கு முக்கால் கரண்டிதான். அதாவது உம்மா ‘மூன்று நுள்ளு’ என்று சொல்லித் தந்ததை நான் என் கையால் போட்டால் அவர் போடுவதில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் விழும். குறிப்பிலும் தவறில்லை, நான் எழுதிக்கொண்டதிலும் தவறில்லை, கைதான் வேறு. ஏன் ஒருவரே சொல்லிக்கொடுத்த கறி இரண்டு மகள்மாரின் வீட்டில் இரண்டு ருசியாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு சங்கதியும் உண்டு. நாவலப்பிட்டியின் மழையைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் உப்புப் போத்தலைத் திறந்தால் உப்பு ஈரம் இழுத்துக் கட்டியாகி இருக்கும். ஈர உப்பு உதிராமல் விரலில் ஒட்டிக்கொண்டு வருவதால், அதே விரல்கள் அதே மாதிரி நுள்ளினாலும் கூடவே எடுக்கின்றன. கல்லுப்பு என்றால் கணக்கு வேறு பக்கம் போகும். பெரிய கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல்லுப்பின் நிறை ஒரு கரண்டி தூளுப்பை விடக் குறைவு.

டாஷ் என்பது நுள்ளுவது அல்ல. ஒடுங்கிய வாயுள்ள போத்தலை ஒருமுறை சட்டென்று உதறினால் எவ்வளவு விழுமோ அதுதான். வினாகிரி, சோஸ் போன்றவற்றுக்கு அந்தச் சொல் வரும். தூளுக்குச் சொன்னால் ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. இதைச் ‘சிட்டிகை வினாகிரி’ என்று எழுதியிருப்பதை ஒரு குறிப்பில் பார்த்தேன். வினாகிரியை எப்படி ஐயா நுள்ளுவது? துளி, சொட்டு என்ற சொற்கள் நம்மிடம் இருந்தாலும் அவை எண்ணக்கூடியவை. டாஷை யாரும் எண்ணுவதில்லை. எனக்குத் தோன்றும் நெருங்கிய சொல் ‘ஒரு தெளி’. பிட்டுக்கு மா குழைக்கும்போது உப்புத் தண்ணீரை விரல் நுனியால் தெளித்துத் தெளித்துத்தானே குழைக்கிறோம்? பழைய அடுப்படிகளில் சிரட்டையில் உப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்ததும் இப்படித் தெளிக்கத்தான். அந்தக் கை அசைவும் போத்தலை உதறும் அசைவும் ஒரே இனம்.

டொலொப்புக்கு ஒரே சொல் தேடியவர்கள் களைத்துப்போவார்கள். கரண்டியில் எடுத்து ‘தொப்’பென்று போடக்கூடிய, ஓடாமல் குவிந்து நிற்கும் பொருளுக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்: தயிர், வெண்ணெய், கட்டியான பாலாடை. அதற்கு எந்தக் கரண்டியிலும் நிலையான அளவு இல்லை. நம் ஆட்கள் இப்படியான பொருளை வேறு வழியில் அளந்தார்கள். பழப்புளி தேசிக்காயளவு, வெண்ணெய் நெல்லிக்காயளவு, இன்னும் சிறியதென்றால் பாக்களவு. காயின் பெயரைச் சொன்னதும் அளவு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கரண்டி பெரிதா சிறிதா என்று கேட்க வேண்டியதில்லை. இந்த ஓர் இடத்தில் ஆங்கிலத்தை விட நம் வழக்கம் துல்லியமானது. ஆகவே வெண்ணெய்க்கு நெல்லிக்காயளவு என்றும், தயிருக்குக் ‘குவித்து ஒரு கரண்டி’ என்றும் எழுதலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு புதுச்சொல் செய்ய வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இனி ‘தேவையான அளவு’க்கு வருகிறேன். ஆங்கிலக் குறிப்பு இந்த இடத்தில் சொல்வது ‘உங்கள் நாக்குக்கு ஏற்றபடி’ என்பது. போட்டுப் பார், ருசித்துப் பார், போதாவிட்டால் இன்னும் போடு என்ற கட்டளை அதற்குள் இருக்கிறது. தமிழ் வரியில் நாக்கே இல்லை. உணவுக்கு ஒரு தேவை இருக்கிறது, அதைக் கொடு என்கிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்தத் தேவையை எப்படி அறிவது என்பதை அது விட்டுவிட்டது.

நாக்கை நம்பும் வரியும் நமக்கு வருடத்தில் ஒரு மாதம் உதவாது. ரமழானில் அஸருக்குப் பிறகு கஞ்சி அடுப்பில் இருக்கும்போது சமைப்பவளும் நோன்பாளிதான். தேவை ஏற்பட்டால் நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், தொண்டைக்குள் இறங்கக் கூடாது என்று உலமாக்கள் அனுமதி சொல்லியிருக்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கூற்றை அதற்கு ஆதாரம் காட்டுவார்கள். ஆனாலும் பேணுதலுக்காக அதையும் தவிர்ப்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். அவர்கள் ருசி பார்க்காமலே முப்பது நாளும் கஞ்சிக்கு உப்புப் போடுகிறார்கள். கறுவா, ரம்பை, வெந்தயம் எல்லாம் பதமாகிவிட்டதை மூக்கு சொல்லும். உப்பை மூக்கு சொல்லாது. அங்கே வேலை செய்வது பழகிய கையும் மாறாத சட்டியும்தான்.

அந்தக் கையை ஒரு வரியில் எழுத முடியுமா என்று பார்ப்போம். ஒரு சுண்டு அரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பாலும் சேர்த்து இறக்கும்போது கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் வரும் என்று வைத்துக்கொள்வோம். கஞ்சிக்கு லீற்றருக்கு ஆறு கிராம் உப்பு எங்கள் வீட்டுக்குச் சரியாக இருக்கிறது. தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டித் தூளுப்பும் ஏறக்குறைய ஆறு கிராம்தான். ஆகவே இரண்டு தேக்கரண்டி. உம்மா இதை நுள்ளுவதில்லை. உள்ளங்கைக் குழியில் கொட்டிப் பார்த்துப் போடுகிறார். நான் அதை வாங்கி அளந்தபோது இரண்டு தேக்கரண்டிக்கு ஒரு நுள்ளுதான் குறைவாக இருந்தது. தராசு பிடித்தவர் போல அவர் ஒரு பெருமையும் படவில்லை, ‘அதுக்கு என்ன’ என்றார்.

பிழை நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, அரிசி வேகும்போது சட்டியில் இருக்கும் தண்ணீருக்கு ஏற்ப உப்புப் போட்டுவிட்டு, பிறகு பால் ஊற்றுவது. கடைசியில் வரும் அளவுக்குத்தான் உப்பைக் கணக்கிட வேண்டும். மற்றது, இறைச்சியை ஏற்கெனவே உப்புப் போட்டு அவித்திருப்பதை மறப்பது. அரைக் கரண்டியாவது குறைக்க வேண்டும். சந்தேகமென்றால் குறைவாகப் போட்டு, மேசையில் உப்பு வைப்பது புத்தி. கஞ்சியில் பின்னால் போடும் உப்பும் கரைந்துவிடும், போட்டதை எடுக்கத்தான் முடியாது. உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, சட்டியில் மிஞ்சியது அதே கரிப்போடுதான் இருக்கும். உப்பில்லாத பாலோ சுடுதண்ணீரோ கூட்டுவதே வழி.

இந்தச் சஞ்சிகையில் யாராவது நோன்புக் கஞ்சிக் குறிப்பு எழுதினால், உப்பு வரியை இப்படி எழுதும்படி கேட்பேன்: ‘ஒரு சுண்டு அரிசிக்குத் தூளுப்பு தட்டையாக இரண்டு தேக்கரண்டி, இறைச்சிக்கு உப்புப் போட்டிருந்தால் ஒன்றரை, பால் ஊற்றிய பின், இறக்குவதற்குச் சற்று முன் போடவும், மிச்சம் உங்கள் வீட்டுக்குத் தேவையான அளவு.’