நட்சத்திர அட்டவணையும் சிப்பி ஜாடியும்

தொடக்கப்பள்ளிச் சுவரில் ஒட்டும் நட்சத்திர அட்டவணை போட்டியாக மாறக் காரணம் நட்சத்திரம் அல்ல. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று ஒப்பிட இடம் கொடுப்பதுதான். தூத்துக்குடி திரேஸ்புரம் போன்ற மீனவர் பகுதியில் ‘நேரத்துக்கு வருதல்’ என்று ஒரு கட்டம் வைத்தால், தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டு வரும் பிள்ளையின் வரிசை காலியாகவே கிடக்கும். அங்கே அளக்கப்படுவது நடத்தை அல்ல, வீட்டு நிலைமை. பிள்ளைகள் அடுத்தவர் நட்சத்திரத்தை எண்ணுவதும், “டீச்சர், இவன் பேசுறான்” என்று காட்டிக்கொடுப்பதும் பெருகினால் அட்டவணை கெட்டுவிட்டது என்று பொருள்.

யாரும் தோற்காமலும் நடத்தையை ஊக்குவிக்க முடியும். 1969-இல் அமெரிக்காவில் வெளியான ‘நன்னடத்தை விளையாட்டு’ ஆய்வில் ஒரு நான்காம் வகுப்பு இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆனால், தவறுகள் குறித்த எல்லையைத் தாண்டாவிட்டால் இரண்டு அணிகளுமே வெல்லலாம். தோற்க ஒருவர் தேவையில்லை என்ற அந்த விதிதான் முக்கியம்.

அந்த விதியை அணியே இல்லாமலும் வகுப்பில் கொண்டுவரலாம். வகுப்புக்கு ஒரே கண்ணாடி ஜாடி. வாரத்துக்கு ஒரே பழக்கம். சத்துணவுக்கு முன் எல்லோரும் தள்ளுமுள்ளு இல்லாமல் கைகழுவினால் ஒரு கடற்சிப்பி உள்ளே விழும். இருபது சேர்ந்தால் கூடுதலாக அரை மணி நேர விளையாட்டு. விழுந்த சிப்பியை எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் வகுப்பே ஒரு பிள்ளை மேல் பாயும். தனிப் பிள்ளைக்குக் குறிப்பு தேவைப்பட்டால் அது அந்தப் பிள்ளையின் நோட்டுக்குள் இருக்கட்டும். பெயர்ப் பட்டியலை ஆசிரியர்கள் இந்த வாரமே சுவரிலிருந்து இறக்கிவிட வேண்டும்.