வாடகை வீட்டில் ஒரு கைப்பிடி

பரளச்சி போன்ற கரிசல் ஊர்களில் வீட்டுத் தரையைத் தெருவைவிட உயர்த்தித்தான் கட்டுவார்கள். மழைக்காலச் சேறும் வாறுகால் தண்ணீரும் உள்ளே வராமலிருக்க இரண்டு மூன்று படிகள் தேவைப்படுகின்றன. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்தவருக்கும், முழங்கால் தேய்ந்தவருக்கும் அந்தப் படிகளே பெரிய தடை. சொந்த வீடென்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

கேட்டால் பெரும்பாலும் தயக்கம்தான் வரும். செலவைக் குடியிருப்பவரே ஏற்றாலும் அது நீங்குவதில்லை. சுவரைத் துளைத்தால் விரிசல் விடுமோ, வாசலில் சிமெண்ட் போட்டால் அடுத்துக் குடிவருபவர் முகம் சுளிப்பாரோ, நாளைக்கு இதைக் காட்டியே பாத்தியதை கொண்டாடுவார்களோ என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். இந்த அச்சத்துக்குப் பதில் சொல்லாமல் இரக்கத்தை மட்டும் வேண்டுவதால் பயனில்லை.

பதில் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, குடியிருப்பவர் உரிமையாளரின் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது என்கிறது அதன் 108ஆவது பிரிவு. தரையோடு தான் பொருத்தியவற்றைக் காலி செய்யும்போது அவர் கழற்றிக்கொள்ளலாம், ஆனால் வீட்டைப் பெற்ற நிலையிலேயே விட்டுச்செல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே, கழற்றக்கூடிய ஒன்றைக் கேட்பதும் கட்டுமானத்தைக் கேட்பதும் ஒன்றல்ல.

எதைக் கேட்பது என்பதை அளந்து பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். ஆறு அங்குல உயரத்தில் இரண்டு படிகள் உள்ள ஒரு வாசலை எடுத்துக்கொள்வோம். மொத்த உயரம் ஓர் அடி. சாய்தளத்தில் ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கட்டட விதிகள் ஏற்றுள்ள அளவு. அது வாறுகாலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிடும். இடமில்லையென்று நாலடியில் முடித்தால் ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும். ஊன்றுகோலோடு நடப்பவர் இறங்கும்போது சறுக்குவார். தெருப் பக்கம் நீட்டாமல் திண்ணையை ஒட்டிப் பக்கவாட்டில் இறக்க இடமிருந்தால் மட்டுமே அங்கே சாய்தளம் சாத்தியம். அப்போதும் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. படியோடு ஒட்டிப் பூசிய சாய்தளம் பிளந்து, வீட்டுப் படியையும் இழுத்துவிடும். இடைவெளி விட்டுத் தனியாக அமைத்தால் வீட்டுக்குச் சேதமில்லை.

சக்கர நாற்காலி இல்லாமல் தட்டுத்தடுமாறியேனும் நடப்பவருக்குச் சாய்தளத்தைவிடக் கைப்பிடியே பல நேரம் உதவும். முழுக் கையும் சுற்றிப் பிடிக்கும்படி சுமார் ஒன்றரை அங்குலக் கனமுள்ள குழாய், படியிலிருந்து மூன்றடிக்குச் சற்றுக் குறைவான உயரம், விரல் நுழையச் சுவரிலிருந்து இரண்டு அங்குல இடைவெளி போதும். இறங்கும்போது எந்தக் கைக்கு வலுவோ அந்தப் பக்கம் அது இருக்க வேண்டும். மண்சுவரிலும் ஹாலோபிளாக் சுவரிலும் சாதாரண திருகாணி நிற்காது. அங்கே தரையில் நட்ட இரும்புக் கால்களில் பொருத்துவதே பத்திரம். சுவரைத் துளைக்கவும் வேண்டாம். ஒரு பெரிய ஆள் முழு எடையோடு இழுத்தும் அசையாவிட்டால்தான் நம்பலாம். சித்திரை வெயிலில் இரும்பு கையைச் சுடும் என்பதால் அதன்மேல் கயிறு சுற்ற வேண்டும்.

இவ்வளவையும் ஒரு பக்கக் கடிதத்தில் எழுதலாம். எங்கே, என்ன அளவில், யார் செலவில், காலி செய்யும்போது யார் கழற்றிப் பூசித்தருவது, அதற்காக அட்வான்ஸில் எவ்வளவு பிடித்துவைக்கலாம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டால் வீட்டுக்காரரின் அச்சங்களில் பெரும்பகுதி தீரும்.

பிறகும் மறுத்தால்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நியாயமான வசதியை மறுப்பதையும் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மேல் சுமத்தும் அந்தச் சட்டம், வாடகை வீட்டின் வாசற்படியைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளியான குடியிருப்பவர் தன் செலவில் செய்யும் நியாயமான மாற்றத்தை உரிமையாளர் மறுப்பது பாகுபாடாகும். வீட்டுக்குள் செய்த மாற்றத்தை, தேவையான இடத்தில் மட்டும், பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லலாம்.

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு வேண்டும். நடமாட்டக் குறைபாடு உள்ளவர் தன் செலவில், கழற்றக்கூடிய கைப்பிடியோ சாய்தளமோ கேட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அப்படிக் கேட்டதற்காகவே வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரரின் சொத்துரிமை இதனால் குறையாது, குடியிருப்பவரும் பிறர் கையை எதிர்பார்க்காமல் தெருவுக்கு இறங்க முடியும்.