இலவசப் படமும் காலியான கணக்கும்

மாதுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்க்க வரிசையில் நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. இன்று படம் கைப்பேசிக்கே வந்து விடுகிறது. கூடவே திருடனும் வருகிறான் என்பதைத்தான் பலர் உணர்வதில்லை.

தாராவியில் குடியிருக்கும் குமாஸ்தா நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். வெள்ளியன்று வெளியான படத்தை, சனிக்கிழமை இரவே ஒரு திருட்டுத் தளத்தில் தேடிப் பிடித்தார். படம் ஓடவில்லை. "இந்தப் பிளேயரை இறக்கிக்கொள்ளவும்" என்று ஓர் அறிவிப்பு வந்தது. இறங்கிய கோப்பின் பெயர் .apk என்று முடிந்தது. கைப்பேசி எச்சரித்தும் அவர் அனுமதி கொடுத்தார். அந்தச் செயலி, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுமதி கேட்டது, கொடுத்தார். பதிவுக் கட்டணம் 1 ரூபாய் என்றது. வங்கி அட்டையின் எண்களையும் கொடுத்தார்.

அவ்வளவுதான்! அட்டை எண் திருடன் கையில். வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யை அந்தச் செயலியே படித்து அவனுக்கு அனுப்பி விட்டது. கணக்கில் 18,400 ரூபாய் போயிற்று. திருட்டுப் படம் பார்த்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அதற்குள் பணம் கைமாறிப் போய்விட்டது.

படம் பார்க்கும் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் தப்பியிருப்பார்.

நேர்வழி கடினமானதன்று. www.justwatch.com என்ற தளத்தில் இந்தியாவைத் தேர்ந்து, படத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், அது சன் நெக்ஸ்டில் உள்ளதா, ஆஹாவிலா, பிரைம் வீடியோவிலா என்று காட்டும். அந்தச் செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். புதுப் படம் தியேட்டரில் ஓடிய சில வாரங்களுக்குப் பிறகே பெரும்பாலும் இங்கு வரும். ஆகவே, வெளியான மறுநாளே இலவசம் என்றால் அது திருட்டு என்பதில் ஐயமில்லை. பழைய படங்கள் பலவற்றை உரிமை பெற்ற நிறுவனங்களே யூடியூபில் காசு வாங்காமல் காட்டுகின்றன. சில படங்கள் எங்கும் கிடைக்காமல் போகலாம் என்பதும் உண்மையே.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? வைஃபையை நிறுத்தி, சிம் கார்டைக் கழற்றி விடுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். பணம் திருடனின் கணக்கிலேயே இருந்தால் அதை நிறுத்தி வைக்க வழியுண்டு. இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

படம் பார்த்த வெட்கத்தைவிட, ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் பெரிது அல்லவா?