மறுமுறை ஊசி எதற்கு?



9 மாதம் நிறைந்த குழந்தை முதல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள் வரை அனைவருக்குமாக 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் எங்கள் பள்ளிக்கு வந்த தினத்தில், ஊசி போட்டுக்கொண்டு இடக்கைக் கட்டைவிரலில் மை அடையாளத்துடன் அரைமணி நேரம் அமர்ந்திருந்த பிள்ளைகளைவிட, வாட்ஸ்அப் வதந்திக்கு அஞ்சி வீட்டில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளை எண்ணியே என் மனம் வருந்தியது.

“முன்பே போட்டாயிற்றே, மறுபடி எதற்கு?” என்பதே பெற்றோர் பலரின் ஆட்சேபம். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி சிசுவின் இரத்தத்தில் எஞ்சி நின்று மருந்தின் வேலையை ஓரளவு தடுத்துவிடுவதால், 9 மாதத்தில் போடும் முதல் தட்டம்மை ஊசி நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்கே பாதுகாப்பளிக்கிறது என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது; எஞ்சியவர் எவரென்று முகம் பார்த்து அறிய இயலாதாகையால், எல்லோருக்கும் மறுமுறை போடுவதே உசிதம். முன்னமே சக்தி பெற்ற குழந்தைக்கு அதனால் தீங்கில்லை.

ஒரு வாரம் கழித்துச் சிலருக்குக் காணும் லேசான காய்ச்சல் தானே தணிவது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்னும் அச்சத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையையோ, அதை வெளியிட்ட ‘லான்செட்’ பத்திரிகையே 2010-இல் வாபஸ் பெற்றது. டென்மார்க்கில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான ஆய்வும் அத்தகைய சம்பந்தம் எதையும் காணவில்லை.

இங்ஙனம்,
ஒரு பள்ளி ஆசிரியர்