ஆங்கிலப் பேச்சும் தமிழ் வினைமுற்றும்

ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் படிக்கக்கூடிய பட்டதாரிகள்கூட நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசத் திணறுகிறார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "மனசுக்குள்ள தமிழ்ல யோசிச்சு, அதை இங்கிலீஷுக்கு மாத்திப் பேசுறேன். அதுக்குள்ள நேரமாயிடுது." இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் சொல்லும் மருந்து, 'ஆங்கிலத்திலேயே யோசியுங்கள்' என்பது. இந்த அறிவுரையைக் கேட்டுப் பேச்சு வந்தவர்கள் அரிது. சிந்தனையின் மொழியை உத்தரவு போட்டு மாற்ற முடியாது. சொல்ல வேண்டியதற்கு ஆங்கிலத் தொடர் நாவில் தயாராக இல்லாதபோது மனம் தமிழுக்குத்தான் போகும், வேறெங்கே போகும்? ஆகவே, மொழிபெயர்ப்பதை விட்டொழிக்க வேண்டிய கெட்ட பழக்கமாகக் கருதிப் போராடுவதில் பயனில்லை. மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழாதபடி செய்துவிட்டால் அது தானாக நின்றுவிடும். அதற்கு, நாம் ஆங்கிலத்தை எந்த அளவில் துண்டு போட்டு மனதில் சேர்த்து வைக்கிறோம் என்பதை மாற்றியாக வேண்டும்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சான்று எல்லோரிடமும் இருக்கிறது. ஆங்கிலமே வராது என்று சொல்பவரிடம் தெரியாத ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். 'ஐ டோன்ட் நோ' என்று உடனே பதில் வரும். 'எனக்குத் தெரியாது' என்ற தமிழ்த் தொடரின் அமைப்பு முற்றிலும் வேறு. அதில் 'நான்' என்ற எழுவாயே கிடையாது. நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று நிற்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் 'டு மீ' என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காரணம், 'ஐ டோன்ட் நோ' மூன்று சொற்களாக மனதில் நுழையவில்லை. முழுதாக, ஒரே உருப்படியாக, ஒரு சூழ்நிலையோடு சேர்ந்து நுழைந்தது. அதே மனிதர் 'எனக்கு இந்த வேலை பழகிவிட்டது' என்று சொல்ல வரும்போது நின்றுவிடுகிறார். 'பழகு' என்பதற்கு ஆங்கிலச் சொல் என்ன என்று தேடுகிறார். 'ஐயாம் யூஸ்டு டு திஸ் ஒர்க்' என்ற தொடர் அவரிடம் முழுதாக இல்லை. இரண்டு தருணங்களிலும் ஆள் ஒருவர்தான், அறிவும் ஒன்றுதான். சேமிப்பில் இருக்கும் சரக்குதான் வேறு.

துண்டின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பேச்சின் வேகம் விளக்கும். இயல்பான பேச்சில் நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் வெளிவருகின்றன என்று டச்சு உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அந்த வேகத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, வரிசைப்படுத்தி, இலக்கணம் பார்த்துக் கோப்பது தாய்மொழியாளருக்கே கடினம். அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை 1983-இல் ஆண்ட்ரூ பாலி, ஃபிரான்சிஸ் சைடர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு சிறு வாக்கிய அளவுக்கு மேல் புதிதாகத் திட்டமிட யாராலும் முடிவதில்லை என்பது அவர்கள் கண்டது. சரளம் என்பது ஏற்கெனவே நினைவில் இருக்கும் ஏராளமான தொடர்களை எடுத்து அடுக்குவதால் வருவது. தமிழர் ஒருவர் மொழிபெயர்த்துப் பேசும்போது இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறார். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்திலோ அது எழுவாயை அடுத்து உடனே வந்தாக வேண்டும். அதனால் தமிழ் வாக்கியம் முழுவதும் மனதில் ஓடி முடியும்வரை ஆங்கில வாக்கியத்தின் இரண்டாவது சொல்லைக்கூட அவரால் சொல்ல முடியாது. முழு வாக்கியத்தையும் தூக்கிப் பிடித்தபடி, அதைப் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்ப வேண்டும். தாய்மொழியாளரே சுமக்காத சுமை இது. திணறல் அறிவுக் குறைவால் வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்க்கலாம். அலுவலகத்தில் ஒருவர் விடுப்புக் கேட்கிறார். அவர் மனதில் இருப்பது: 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு, அதனால நாளைக்கு வர முடியாது.' சொல் சொல்லாகப் பெயர்ப்பவர் 'மை மதர்' என்று தொடங்கி 'உடம்பு' என்பதற்கு வருகிறார். 'பாடி' என்று சொல்லலாமா என்று தயங்குகிறார். அதைத் தாண்டினால் 'சரியில்லாததால' என்ற ஒரே சொல்லில் எதிர்மறையும் காரணமும் சேர்ந்திருக்கின்றன. அதையும் தாண்டினால் 'போக வேண்டியிருக்கு' என்பதில் போகிறவர் யார் என்று தமிழில் சொல்லவே இல்லை. ஆங்கிலமோ 'ஐ' இல்லாமல் நகராது. மேலதிகாரி தெரிந்துகொள்ள விரும்பும் செய்தியான 'வர முடியாது' என்பது கடைசியில் நிற்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்குள் பேச்சு அறுந்துவிடுகிறது. இப்போது சொற்களை விட்டுவிட்டு, 'இவருக்கு நான் என்ன தெரிவிக்க வேண்டும்?' என்று மட்டும் கேட்டுக்கொண்டால் விஷயம் மூன்றுதான்: நாளை வரமாட்டேன், அம்மாவுக்கு முடியவில்லை, நான் கூட்டிப்போக வேண்டும். 'ஐ கான்ட் கம் டுமாரோ. மை மதர் இஸ்ன்ட் வெல். ஐ ஹேவ் டு டேக் ஹர் டு த ஹாஸ்பிட்டல்.' மூன்று சிறு வாக்கியங்கள். ஒவ்வொன்றும் யார் என்பதில் தொடங்குகிறது. உடனே வினை வருகிறது. 'நாளை வர முடியாது' என்ற முடிவு முன்னால் வந்துவிட்டதால், பின்னால் சற்றுத் தடுமாறினாலும் காரியம் கெடாது.

பயிற்சியின் முதல் பாதி இந்த மாதிரிதான். அடுத்த வாரம் எந்தெந்தச் சூழ்நிலையில் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கும் என்று யோசித்து, அங்கே தேவைப்படும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை முழுதாக எழுதிக்கொள்ள வேண்டும். சொந்தமாக உருவாக்குவதைவிட, ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் போன்ற கற்போர் அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலிருந்து எடுப்பது நல்லது. இந்த அகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒரு சொல்லுக்கு எதிராக இன்னொரு சொல்லைத் தருகிறது. நாம் விட நினைக்கும் பழக்கத்தையே அது வளர்க்கிறது. எழுதிய வாக்கியங்களில் மாறாத பகுதியையும் மாறும் பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஐ ஹேவ் டு' மாறாது; பின்னால் 'கோ' வரலாம், 'ஃபினிஷ் திஸ்' வரலாம், 'கால் ஹிம் பேக்' வரலாம். ஒரே தொடக்கத்தில் இருபது முடிவுகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் 'வேண்டியிருக்கிறது' என்ற எண்ணம் எழும் இடத்தில் 'ஐ ஹேவ் டு' நேராக வந்து நிற்கும். இடையில் தமிழ் வாக்கியத்துக்கு வேலையில்லை.

ஆனால் எழுதிவைத்தது பேச்சாகிவிடாது. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது பாதிக்கு நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கிய ஒரு பயிற்சி உதவும். தெரிந்த ஒரு பொருளைப் பற்றி ஒருவரிடம் 4 நிமிடம் பேச வேண்டும். அதே பேச்சை இன்னொருவரிடம் 3 நிமிடத்திலும், மூன்றாமவரிடம் 2 நிமிடத்திலும் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறுவதால் பேச்சு உயிரோடு இருக்கிறது. விஷயம் மாறாததால் 'என்ன சொல்வது' என்ற கவலை இல்லை. கவனம் முழுவதும் எப்படிச் சொல்வது என்பதற்குக் கிடைக்கிறது. நேரம் குறையக் குறைய, தமிழுக்குப் போய்த் திரும்பிவர அவகாசம் இருப்பதில்லை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முதல் சுற்றில் சொன்ன பிழை மூன்றாவது சுற்றில் இன்னும் வேகமாக, இன்னும் உறுதியாக வரும். அதனால் சுற்றுகளுக்கு முன்பே முக்கியமான வாக்கியங்களைச் சரிபார்த்துவிட வேண்டும். பயிற்சிக்குப் புதிய, கடினமான பொருளை எடுக்கவும் கூடாது.

'இது கிளிப்பிள்ளைப் பாடம்தானே, மனப்பாடம் செய்தவர் எதிர்பாராத கேள்விக்கு என்ன சொல்வார்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முழு உரையை மனப்பாடம் செய்தவர் நிச்சயம் விழுவார். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்ற கேள்விக்குக் கடகடவென ஒப்பித்துவிட்டு, அடுத்த கேள்வியில் மௌனமாகிறவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். இங்கே சொல்வது பல இடங்களில் செல்லக்கூடிய சிறு தொடர்களை. அவை தாமாக வரத் தொடங்கினால், புதிய கேள்வியில் உள்ள புதிய பகுதியைப் பற்றி யோசிக்க மூளைக்கு இடம் கிடைக்கும். சொல்லே கிடைக்காத இடங்களிலும் இதே வழி செல்லும். 'அவனை அங்கே விட்டுட்டு வர மனசு கேக்கலை' என்பதில் 'மனசு'க்கு ஆங்கிலம் தேடினால் சிக்குவோம். அந்த இடத்தில் நடந்தது என்ன? என்னால் அப்படி விட்டுவிட்டு வர முடியவில்லை. 'ஐ குடின்ட் ஜஸ்ட் லீவ் ஹிம் தேர்.' போதும்.

இன்னொரு சாரார், வகுப்பில் தமிழே கூடாது என்பார்கள். சில பள்ளிகள் தமிழ் பேசினால் அபராதம்கூட விதிக்கின்றன. நான் இதைக் கடுமையாக எதிர்க்கிறேன். இரு மொழிகளையும் சரளமாகப் பேசுபவர்களின் மூளையில்கூட, ஒன்றைப் பேசும்போது மற்றது முழுதாக அணைந்துவிடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அணைக்க முடியாததை அணைக்கச் சொல்வது அச்சத்தைத்தான் வளர்க்கும். 'ஐயாம் யூஸ்டு டு' என்றால் 'எனக்குப் பழகிவிட்டது' என்று தமிழில் ஒரு முறை சொல்லிவிடுவது, பத்து நிமிட ஆங்கில விளக்கத்தைவிடச் சிறந்தது. தொடருக்குத் தொடர் தமிழை நாடலாம். சொல்லுக்குச் சொல் நாடுவதில்தான் சிக்கல். நம் உச்சரிப்பையும், இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட பேச்சு வழக்குகளையும் இந்தக் கணக்கில் குற்றமாகச் சேர்க்க வேண்டியதில்லை. அவை பேச்சை நிறுத்துவதில்லை.

முன்னேற்றத்தை அறிய ஒரு வழி உண்டு. 2 நிமிடப் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்து, எங்கே நிற்கிறோம் என்று கேளுங்கள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நின்றால் அது யோசனை. தாய்மொழியாளரும் அங்கே நிற்பார்கள். 'ஐ ஹேவ் டு' என்று சொல்லிவிட்டு வினைக்கு முன் நின்றால், அங்கே தமிழிலிருந்து ஏதோ பெயர்க்கப்படுகிறது. அந்த இடத்துக்கான தொடரே உங்கள் அடுத்த வாரப் பாடம். பழகாத பொருளைப் பேசும்போது பழைய மொழிபெயர்ப்பு திரும்பவும் தலைகாட்டும், அது பின்னடைவல்ல.

இந்தப் பயிற்சியின் சுமையை மாணவர்மீது மட்டும் போடுவது முறையாகாது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் இலக்கண விதிகளை ஒதுக்கிவைத்து, ரயில் கால அட்டவணையையும் வரைபடங்களையும் கொடுத்து மாணவர்களைக் கணக்குப் போட வைத்தார். மாணவர்களின் கவனம் சொல்லில் இல்லாமல் செய்தியில் இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். மொழி கற்பிக்கும் முறைகளில் உலகெங்கும் பேசப்படும் முயற்சி அது. நம் கல்லூரி ஆங்கில ஆசிரியர்கள் செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றும் பயிற்சிக்குத் தரும் நேரத்தில், வாரத்துக்கு ஒரு வகுப்பையாவது மாணவர்கள் மூன்று பேரிடம் ஒரே விஷயத்தை வாய்விட்டுச் சொல்வதற்கு ஒதுக்க வேண்டும்.