விடால் சொல்லாத செய்தி

2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத் நகரில், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத டைபாய்டு பரவத் தொடங்கியது. நோயாளியின் மலத்தில் வெளியேறும் கிருமி, கழிவுநீர் கலந்த குடிநீர் வழியாகவும், அந்நீரில் கழுவிய உணவு வழியாகவும் அடுத்தவர் குடலை அடைகிறது. அங்கும் குடிநீரில் கழிவுநீர் கலந்திருந்தது.

செஃப்ட்ரியாக்சோன் மருந்தையும் அக்கிருமி எதிர்க்கிறது என்பதைக் காட்டியது, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை. நம் ஊர்களில் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே பலருக்கும் செய்யப்படும் விடால் பரிசோதனை இதைச் சொல்லியிருக்காது. அது கிருமியைத் தேடுவதில்லை. உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையே அளக்கிறது. அப்பொருள் பெருக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். பழைய தொற்றின் எச்சமாகவும் அது இருக்கலாம்.

கல்ச்சருக்கும் குறையுண்டு. முடிவு வரச் சில நாள்கள் ஆகும். பத்து நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரைத் தவறவிடும். ஆன்டிபயாடிக் உட்கொண்டபின் செய்தால் தவறு இன்னும் கூடும். ஆகவே முதல் வேளை மருந்துக்கு முன்பே ரத்தம் எடுக்கப்பட வேண்டும். ஒற்றை விடால் முடிவை நம்பி மருந்து எழுதும் வழக்கம் மாற, வட்டார அரசு மருத்துவமனைகளிலும் கல்ச்சர் வசதி வேண்டும் என்பதே என் கருத்து. எந்த மருந்து பலிக்கும் என்பதை விடால் ஒருபோதும் சொல்லாது.