20 நிமிடத்தில் 1200 வரிகள்: ஒரு பொய்ச் சாட்சியத்தின் கணக்கு

ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே அது பயன்பாட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் விதி. கோடு ரிவ்யூ என்று எல்லோரும் அழைக்கும் இந்த மதிப்பாய்வு பெரும்பாலும் `LGTM` என்ற நான்கு எழுத்துகளில் முடிகிறது. 'பார்த்தேன், எனக்குச் சரியாகப் படுகிறது' என்பது அதன் பொருள். இலக்கணத்தில் அது ஒரு கருத்து. நடைமுறையில் அது ஒரு சாட்சியம். சாட்சியம் செல்லுபடியாக வேண்டுமானால், சொல்பவர் கண்டிருக்க வேண்டும்.

1200 வரிகள் கொண்ட ஒரு மாற்றம் மாலை 5 மணிக்கு வருகிறது, 5.20க்கு ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. மணிக்கு 3600 வரிகள், அதாவது நொடிக்கு ஒரு வரி. இந்தச் சாட்சி எதைக் கண்டார்?

மனிதக் கவனத்தின் வேகம் என்ன என்பது புதிய கேள்வியன்று. ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976-இல் நிரல் ஆய்வு முறையை வகுத்து எழுதியபோதே, ஓர் அமர்வு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார். 2006-இல் ஜேசன் கோஹனின் குழு சிஸ்கோ நிறுவனத்தில் ஏறத்தாழ 2500 மதிப்பாய்வுகளின் பதிவுகளை ஆராய்ந்து, மணிக்கு 300 முதல் 500 வரிகளுக்குள் படிக்க வேண்டும், ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் எடுக்கக்கூடாது, 60 முதல் 90 நிமிடங்களில் நிறுத்திவிட வேண்டும் என்ற முடிவுகளுக்கு வந்தது. 2009-இல் கெமரரும் பால்க்கும் தனிநபர்ப் பயிற்சித் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு இன்னும் கண்டிப்பானது: மணிக்கு 200 வரிகள் அல்லது அதற்கும் குறைவு.

இந்த எண்களுக்கும் குறைகள் உண்டு. கோஹனின் குழு மதிப்பாய்வுக் கருவியை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தது. மேலும், அவர்கள் எண்ணியது கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளை மட்டுமே. தப்பிய பிழைகள் எந்தப் பதிவிலும் இருப்பதில்லை. ஆயினும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முறையில் செய்யப்பட்ட ஆய்வுகள் மணிக்குச் சில நூறு வரிகள் என்ற எல்லைக்குள்ளேயே வந்து நிற்கின்றன. ஆயிரங்களைப் பரிந்துரைப்பவர் எவருமில்லை.

காரணம் எளிது. மணிக்கு 200 வரிகள் என்றால் ஒரு வரிக்கு 18 நொடிகள். 400 வரிகள் என்றால் 9 நொடிகள். 'இவ்வளவு நேரம் எதற்கு?' என்று கேட்பவர்கள், படிப்பதையும் சரிபார்ப்பதையும் ஒன்றாகக் கருதுகிறார்கள். பழகிய நடையில் எழுதப்பட்டதைப் படிக்கும்போது கண் ஒவ்வொரு சொல்லிலும் நிற்பதில்லை. அடுத்து வரவேண்டியதை மனம் தானே நிரப்பிக்கொண்டு நகர்கிறது. தம் கட்டுரையின் அச்சுப்பிழையை எழுதியவரே காணத் தவறுவது இதனால்தான். பொருள் கொள்வதற்குப் பேருதவியான இப்பழக்கம் பிழை காண்பதற்குப் பகை. எழுதியிருப்பது தவறா என்பதோடு, எழுதப்படாதது எது என்பதையும் சரிபார்ப்பவர் கேட்டாக வேண்டும்.

ஹார்ட்பிளீட் பிழை இதற்குத் தெளிவான சான்று. இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு வசதி சேர்க்கப்பட்டது. ஒரு முனை சிறு செய்தியை அதன் நீளத்தோடு அனுப்பும். மறுமுனை அதையே திருப்பி அனுப்பும். அதன் மையமான வரிகள் இவை:

```
n2s(p, payload);
pl = p;
...
memcpy(bp, pl, payload);
```

முதல் வரி, எதிர்முனை சொன்ன நீளத்தை `payload`-இல் எடுத்துக்கொள்கிறது. கடைசி வரி அத்தனை பைட்டுகளை நகலெடுத்துப் பதிலில் வைக்கிறது. இரண்டிலும் தவறான எழுத்து ஒன்றுகூட இல்லை. சொல்லப்பட்ட நீளத்துக்கு உண்மையிலேயே செய்தி வந்ததா என்று கேட்கும் வரிதான் இல்லை. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 65535 என்று சொன்னால், பக்கத்து நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்களும் மறைதிறவிகளும் பதிலோடு வெளியேறக்கூடும். பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தத்தின் சாரம் இது:

```
if (1 + 2 + payload + 16 > s->s3->rrec.length)
    return 0;
```

அந்த மாற்றம் மதிப்பாய்வுக்குப் பின்னரே சேர்க்கப்பட்டது. ஆனாலும் பிழை 2014 ஏப்ரல் வரை உலகத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. `memcpy` வரியில் இதைப் பிடிக்க என்ன வேண்டும்? `payload` எங்கிருந்து வந்தது, அதன் மதிப்பை யார் தீர்மானிக்கிறார், இடையில் எங்கேனும் அது ஒப்பிடப்பட்டதா என்று மேலே சென்று தேடி, விடையோடு திரும்ப வேண்டும். இந்த ஒரு வரிக்கே பல நிமிடங்கள் ஆகும். 18 நொடிகள் என்ற சராசரி, மூடும் அடைப்புக்குறிக்கு ஒரு நொடியும் இத்தகைய வரிக்குப் பல நிமிடங்களும் ஒதுக்கிய பிறகு கிடைப்பது. நொடிக்கு ஒரு வரி என்ற வேகத்தில் அந்தத் தேடலுக்கு இடமே இல்லை.

வேகம் ஒன்று, சோர்வு மற்றொன்று. மாற்றம் பெரிதானால் கவனம் எல்லாக் கோப்புகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. திரையில் முதலில் காட்டப்படும் கோப்புகளுக்கே கூடுதல் குறிப்புகள் விழுகின்றன என்பதையும், பின்னால் வரும் கோப்பில் உள்ள பிழை தப்பிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதையும் 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோப்புகளைக் கருவிகள் பெரும்பாலும் அகரவரிசையில்தான் அடுக்குகின்றன. ஆக, எந்தப் பிழை பிடிபடும் என்பதைக் கோப்பின் பெயரிலுள்ள முதல் எழுத்து தீர்மானிக்கும் நிலை.

'அனுபவசாலிகள் வேகமாகப் படிப்பார்கள்' என்பது மேலாளர்களின் வழக்கமான மறுமொழி. அறிமுகமான நிரலில் அனுபவசாலி சற்று விரைவார் என்பது மெய்யே. அது ஒன்றைப் பத்தாக்காது. 'எல்லா வரிகளும் ஒன்றல்லவே' என்பது அதைவிட வலுவான வாதம். பெயர் மாற்றமும் கருவி உண்டாக்கிய கோப்பும் வரிக்கணக்கில் சேரத் தேவையில்லை. அப்படியானால் அவற்றைத் தனி மாற்றமாக அனுப்பட்டும். 900 வரிப் பெயர் மாற்றத்தின் நடுவே 30 வரித் தர்க்க மாற்றத்தை வைத்துவிட்டு, 'பெரும்பகுதி எளிதானது' என்பது வாதமன்று, மறைப்பு. சிறிதாக்குவது இயலாத காரியமும் அன்று: கூகுளில் ஒரு மாற்றத்தின் இடைநிலை அளவு 24 வரிகள் என்று அங்குள்ளவர்களே 2018-இல் எழுதினர்.

கணக்கைத் திட்ட அட்டவணையில் எழுதிப் பார்க்கட்டும். மணிக்கு 300 வரிகள் என்றால் 1200 வரிகளுக்கு 4 மணி நேரம். ஒரு மணிக்கு மேல் கவனம் நில்லாது என்பதால் அது 4 அமர்வுகள். தம் சொந்த வேலையும் உள்ள ஒருவருக்கு இரண்டு நாள்கள். எழுதுவதற்கு நாள் ஒதுக்கும் அட்டவணைகள் பலவற்றில் படிப்பதற்கு ஒரு மணியும் இருப்பதில்லை. நேரம் தராமல் கையொப்பம் கேட்பவரே பொய்ச் சாட்சியத்தின் முதல் குற்றவாளி, கையொப்பமிட்டவர் இரண்டாமவர்.

இதைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து தணிக்கையாளர் வரவேண்டியதில்லை. மாற்றம் வந்த நேரமும் ஒப்புதல் நேரமும் வரி எண்ணிக்கையும் பதிவில் உள்ளன. அந்த இடைவெளியே படிக்கக் கிடைத்த அதிகபட்ச நேரம். வரிகளை அதனால் வகுத்து, மணிக்கு 500-ஐத் தாண்டும் ஒப்புதல்களைத் தனியே எடுக்கட்டும். அவற்றின் குறிப்புகள் இடைவெளியையும் பெயரிடலையும் மட்டுமே பேசினால், அல்லது முதல் இரண்டு கோப்புகளோடு நின்றுபோனால், அங்கே மதிப்பாய்வு நடக்கவில்லை. அவற்றைப் 'படிக்கப்படாதவை' என்றே பதிவு செய்யட்டும். படிக்காத நிரலைப் படிக்காதது என்று அறிந்திருப்பது, படித்ததாக நம்பிக்கொண்டிருப்பதைவிடப் பாதுகாப்பானது.